ஒல்லிக்கு நாலு சொல்

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோ காலில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் லண்டனில் இருந்தது. அங்கே எங்கள் புராஜெக்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணி நாலு மாத விடுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். நன்றாகவே இளைத்திருந்தார். நம்ம ஊர் வழக்கப்படி அதைக் கவனித்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, “யூ ஹேவ் பிகம் ஸோ ஸ்கின்னி!” என்றேன். பாசமாகத்தான் சொன்னேன். திரையில் இருந்த ஏழு கட்டங்களும் ஒரு நிமிஷம் உறைந்துபோயின. அவர் லேசாகச் சிரித்துவிட்டு, அடுத்த டிக்கெட்டுக்குப் போகலாம் என்றார்.

கால் முடிந்ததும் எங்கள் டீமில் மூத்தவரான அண்ணன் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, அவங்களுக்கு கீமோ நடந்துதுப்பா. உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுண்ணே. ஒல்லியாயிட்டீங்கன்னுதானே சொன்னேன்?”

“நீ ஒல்லின்னு சொல்லல. எலும்பும் தோலுமா இருக்கீங்கன்னு சொல்லிட்டே.”

அவர் சொன்னது அகராதிப்படியே சரி. ஸ்கின்னி என்பதற்குள் இருப்பது ‘ஸ்கின்’, தோல். பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் ‘தோல் போன்ற’ என்ற பொருளில் இருந்து, பிறகு சதை வற்றித் தோல் மட்டும் மிஞ்சிய ஆளைக் குறிக்கத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் ‘மேக்பெத்’தில் சூனியக்காரிகளின் உதட்டுக்கு இந்த அடைமொழியைத்தான் கொடுக்கிறார். கோல்ரிட்ஜ் 1798-ல் வெளியான தன் கிழட்டு மாலுமிக் கவிதையில் அந்த மாலுமியின் கைக்கு இதையே கொடுக்கிறார். இரண்டு இடத்திலும் வாசகன் பயப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். நான் அதை எடுத்துக் கொண்டுபோய் நலம் விசாரித்திருக்கிறேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒல்லிக்கு ஸ்லிம், ஸ்கின்னி, தின், லீன் என்று நாலு சொல் இருக்க, தப்பான ஒன்று எப்படி என் வாயில் வந்தது என்று குடைந்துகொண்டே இருந்தது. பள்ளியில் ‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ பட்டியலில் இவற்றை ஒரே வரியில் மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் ஒரு எளிய சோதனை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் உடைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘டூ’ போடுங்கள், அளவுக்கு மீறி என்ற பொருளில். டூ தின், டூ ஸ்கின்னி இரண்டையும் தினமும் கேட்கிறோம். டூ ஸ்லிம் காதுக்கு இடறும், ஏனென்றால் ஸ்லிம் என்பது ஏற்கெனவே ‘சரியான அளவுக்கு ஒல்லி’ என்ற பாராட்டு. பாராட்டு அளவு மீறுவது கடினம். அதேபோல, பார்க்கவே வலிக்கிற அளவுக்கு மெலிந்தவரைப் ‘பெயின்ஃபுலி தின்’ என்பார்கள். அந்த இடத்தில் ஸ்லிம் போட்டால் வாக்கியமே கேலியாகிவிடும். லீன் என்றால் கொழுப்பு இல்லை, ஆனால் தசை இருக்கிறது. மாரத்தான் ஓடுகிறவர் லீன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் லீன் ஆகமாட்டார், தின்தான் ஆவார்.

தின் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இழுத்து நீட்டுவது என்ற பழைய வேரிலிருந்து வந்தது. லத்தீனில் டெனுயிஸ், ஜெர்மனில் டுன், சமஸ்கிருதத்தில் தனு, எல்லாம் ஒரே குடும்பம். காகிதமும் தின், கம்பியும் தின், தண்ணியாய்ப் போன சூப்பும் தின். அது ஓர் அளவுச் சொல். மனிதர் மேல் வைத்தால் டேப் வைத்து அளந்த மாதிரி ஒரு குளிர்ச்சி இருக்கும். டாக்டர் சொன்னால் பொருந்தும்.

சுவாரசியம் இருப்பது ஸ்லிம்மில். நாலில் மிக மரியாதையான இந்தச் சொல்லின் பூர்வீகம் ரொம்ப மோசம். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. பழைய டச்சில் அதற்குக் கோணலான, கெட்ட என்று பொருள். ஜெர்மன்காரர் இன்றைக்கும் ‘ஷ்லிம்’ என்றால் மோசம் என்றுதான் சொல்கிறார். டச்சுக்காரர்களிடம் அது தந்திரமான என்று நகர்ந்து, இன்று புத்திசாலி என்ற நல்ல சொல்லாக நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் உங்கள் குழந்தையை ஸ்லிம் என்றால், அவர் பார்த்தது குழந்தையின் இடுப்பை அல்ல, மூளையை. ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் அற்பமான, சொற்பமான என்ற சாயல் ஒட்டியிருந்தது. ஸ்லிம் சான்ஸ் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பழைய வாடை அங்கே மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

இதில் நம் கதையும் ஒரு இடத்தில் குறுக்கே வருகிறது. தென்னாப்பிரிக்க டச்சுக்காரர்களான போயர்கள் தந்திரசாலியைத்தான் ஸ்லிம் என்றார்கள். தளபதி ஜூபேருக்கு ‘ஸ்லிம் பீட்’, ஜான் ஸ்மட்ஸுக்கு ‘ஸ்லிம் ஜானி’ என்று பட்டப்பெயர். போயர் போர்க் காலத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளும் இதே பொருளில் சொல்லை எடுத்துக்கொண்டன. ஆக, 1900-ஐ ஒட்டி லண்டனில் பேப்பர் படித்த ஒருவருக்கு ஸ்லிம் ஆள் என்றால் ஒல்லியானவராகவும் இருக்கலாம், கையில் பிடித்தால் நழுவுகிறவராகவும் இருக்கலாம். 1908-ல் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் தாங்களாகவே பதிவு செய்துகொண்டால் கறுப்புச் சட்டத்தை நீக்குவதாக ஸ்மட்ஸ் வாக்குக் கொடுத்தார் என்று காந்தி நம்பினார். பதிவு நடந்தது. சட்டம் நீங்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். தென்னாப்பிரிக்க சத்தியாகிரகம் பற்றி எழுதிய புத்தகத்தில், நழுவுகிறவர் என்ற பொருளுடன் இந்தப் பட்டப்பெயரைக் காந்தி விளக்கியிருக்கிறார்.

அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது பதினாறு. உயரமான அந்தப் பெண்ணின் மெலிந்துபோன உடம்பைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அதே புத்தகத்தில் காந்தி எழுதியிருக்கிறார். ஸ்லிம் ஜானி அமைச்சராக இருந்த அரசின் சிறை அது. அந்த உடம்புக்கு இந்த நாலு சொல்லில் எதையும் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

லீன் வேறு வழியில் வந்தது. பழைய ஆங்கிலச் சொல். நெடுங்காலம் அது பஞ்சத்தின் சொல்லாகவே இருந்தது. 1611-ன் ஆங்கில பைபிளில் பார்வோனின் கனவில் வந்து கொழுத்த பசுக்களைத் தின்னும் பசுக்கள் லீன். ஏழு வருஷப் பஞ்சத்தின் குறி அவை. ஷேக்ஸ்பியரின் சீசர், காசியஸைப் பார்த்துப் பயப்படும்போது சொல்வதும் இந்தச் சொல்லைத்தான். சுற்றிலும் கொழுத்தவர்கள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், வயிறு ஒட்டியவன் இரவெல்லாம் எதையோ யோசிக்கிறான் என்பது அவர் கணக்கு.

சோறு கிடைக்காத காலத்தில் கொழுப்பு சொத்து. சோறு மலிந்த பிறகு அது சுமை. இங்கிலாந்தில் இந்தத் திருப்பத்துக்கு ஓர் அடையாளம் வில்லியம் பான்டிங். ராஜகுடும்பத்துச் சவ அடக்கங்களை நடத்திக் கொடுத்த குடும்பத்தொழில்காரர். ஏறத்தாழ 92 கிலோ இருந்தவர், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு 21 கிலோ குறைத்து, 1863-ல் அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். அவர் பெயரே வினைச்சொல்லானது. ஸ்வீடனில் டயட் இருப்பதற்கு இன்றும் ‘பான்டா’ என்றுதான் பெயர். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. 1930-களின் அமெரிக்கப் பத்திரிகைகளில் உடம்பு ஏற ஈஸ்ட் மாத்திரை விற்ற விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். ஸ்கின்னி பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் அவற்றின் மிரட்டல். இன்று அதே சொல் ஜீன்ஸுக்கும் லாட்டேவுக்கும் பெயர். துணிக்கு வைத்தால் ஃபேஷன், ஆளுக்கு வைத்தால் இன்னமும் குத்தல். கடைக்காரர்கள் இந்த எல்லையைத் தாண்டுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா?

லீன் இறைச்சிக்கடை வழியாக மேலே ஏறியது என்பது என் ஊகம். கசாப்புக்காரருக்கு லீன் என்றால் கொழுப்பு நீக்கிய நல்ல சதை. அதற்கப்புறம் அது எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டது. ஜான் கிராஃப்சிக் என்ற பொறியாளர் 1988-ல் டொயோட்டா பாணி உற்பத்தி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கையிருப்பே வைக்காமல், உபரி ஆள் இல்லாமல் ஓடும் அந்த முறையை அதற்கு முன்னால் அவர் குழுவில் ‘ஃப்ராஜைல்’ என்று குறிப்பிட்டு வந்தார்கள், எளிதில் உடையக்கூடியது என்று. அந்தச் சொல் நல்ல எண்ணம் தராது என்பதால் அவர் லீன் என்று மாற்றினார். முறை அதேதான். பெயர் மாறியதும் உலகமே அதைக் காப்பியடித்தது. ஏழு பேர் செய்த வேலையை நாலு பேரிடம் கொடுத்துவிட்டு “நாம இப்போ லீன் டீம்” என்று மேனேஜர் சொல்லும்போதெல்லாம், “ஸ்கின்னின்னு சொல்லுங்க சார்” என்று கத்தத் தோன்றும். சொன்னதில்லை. அப்ரைசல் இருக்கிறதே.

இந்தச் சாயல்கள் ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்பதற்கு நான் பார்த்ததிலேயே கடுமையான உதாரணம் உகாண்டா. 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தென்மேற்கில், ரகாய் பகுதியில், ஆட்கள் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கிடந்து, உருகி, செத்தார்கள். மக்கள் அந்த நோய்க்கு ‘ஸ்லிம்’ என்று பெயர் வைத்தார்கள். 1985-ல் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் அதை எழுதியபோது தலைப்பிலேயே ‘ஸ்லிம் டிசீஸ்’ என்று போட்டார்கள். அது எய்ட்ஸ். லண்டன் பத்திரிகைகள் பத்து நாளில் ஸ்லிம் ஆவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், விக்டோரியா ஏரிக்கரையில் ஒருவரை ஸ்லிம் என்றால் அவருக்குத் தேதி குறித்தாயிற்று என்று பொருள்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண்மணி சென்னை வந்தார். முடி வளர்ந்திருந்தது, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மன்னிப்பை முதலிலேயே கேட்டேன். நினைவே இல்லை என்றார், பொய்தான். அப்புறம், நாலு சொல்லையும் ஒதுக்கிவிட்டு, வீட்டிலேயே ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தைச் சொன்னேன்: “யூ லுக் வெல்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கிலாந்தில் அப்படிச் சொன்னால், நீங்க குண்டாயிட்டீங்க என்றும் எடுத்துக்கொள்வார்களாம்.