நூலகக் கதைநேரமும் சிறுவர் அறப்பாடல்களும்

சிறுவர் அறப்பாடல் என்பது ஒரு நீதியைக் குழந்தையின் நாவில் எளிதில் நிற்கும் ஓசையில் சொல்லும் பாட்டாகும். தமிழில் இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவது, கட்டளையாக அமைந்த ஒற்றை வரி. இரண்டாவது, குழந்தையை விளித்துப் பேசும் பாட்டு. மூன்றாவது, ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் கதைப்பாட்டு. நூலகங்களில் சிறுவர்க்கு நடத்தப்படும் கதைநேரத்துக்கு இவை மூன்றும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. ஒவ்வொரு வடிவமும் எந்த இடத்துக்காக உருவானது என்று பார்த்தால் அதன் காரணம் விளங்கும்.

எழுத்தோடு வந்த நீதி

ஔவையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்தது. உயிரெழுத்துகளில் தொடங்கி, ஆய்தத்தைக் கடந்து, உயிர்மெய்யெழுத்துகளுக்குச் செல்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று சொற்களே இருக்கும். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஒரு வரியைச் சொல்ல, மற்ற பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். எழுத்தும் நீதியும் ஒன்றாக மனத்தில் பதியும். பொருள் முழுவதும் அப்போதே விளங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வளர வளர விளங்கிக்கொள்ளட்டும் என்பதே அந்த முறை.

ஆய்த எழுத்துக்கு உரிய வரி இதற்கு நல்ல சான்று. தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே என்பது அதன் கருத்து. படியும் மரக்காலும் கொண்டு நெல் அளந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணெதிரே நடக்கும் செய்தி. உறையில் கட்டிய அரிசியைக் கடையில் பார்க்கும் இன்றைய குழந்தைக்கு முதலில் படியை விளக்க வேண்டும், பிறகு அந்தப் பழைய சொல்லை விளக்க வேண்டும். நாள்தோறும் கூடும் பள்ளியில் இதற்கு நேரம் உண்டு. ஒரு மணி நேரம் மட்டும் வந்து போகும் நூலகக் கூட்டத்தில் விளக்கமே பாட்டை விழுங்கிவிடும்.

குழந்தையை விளித்த பாட்டு

சுப்பிரமணிய பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் எழுதிய புதிய ஆத்திசூடி பழைய வடிவத்தை வைத்துக்கொண்டு நீதியை மாற்றியது. பழைய நூல் சினத்தைத் தணித்துக்கொள்ளச் சொல்கிறது. பாரதியோ கடுஞ்சினத்தையும் பழகிக்கொள்ளச் சொல்கிறார். பெண்ணின் பேச்சைக் கேட்காதே என்று பொருள்படும் வரி பழைய நூலில் உண்டு. பெண்ணை உயர்த்து என்கிறது புதிய நூல். அறப்பாடலில் உள்ள நீதியும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியது என்பதை இந்த இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவர் எளிதில் உணரலாம்.

பாரதியின் பாப்பாப் பாட்டு வடிவத்தையே மாற்றியது. அது ஒரு குழந்தையைப் பார்த்து நேரே பேசுகிறது. விளையாட்டு, வீட்டைச் சுற்றியுள்ள பறவைகளிடமும் விலங்குகளிடமும் காட்ட வேண்டிய அன்பு, உண்மை, சாதி வேற்றுமை பாராட்டாமை ஆகியவை அதில் வரிசையாக வருகின்றன. கட்டளை இதிலும் உண்டு; ஆனால் மடியில் வைத்துச் சொல்லும் குரலில் வருகிறது.

கதைப்பாட்டு

மூன்றாவது வடிவத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954). ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்த அவர், எலியும் காகமும் நடமாடும் சிறுவர் கதைப்பாட்டுகளை எழுதினார். அவருக்குப் பின் அழ. வள்ளியப்பா (1922–1989) இந்த வடிவத்தைப் பரவலாக்கினார். அவருடைய 'மலரும் உள்ளம்' 1944இல் முதலில் வெளிவந்தது. இத்தகைய பாட்டில் குழந்தைக்கு யாரும் புத்தி சொல்வதில்லை. ஒரு விலங்கு ஒன்றைச் செய்கிறது, அதன் விளைவு வருகிறது. நீதியைக் கேட்பவரே எடுத்துக்கொள்கிறார். முன்பின் அறியாத குழந்தைகள் கூடி அமரும் கதைநேரத்துக்கு இவ்வடிவம் பொருந்துவதற்கு இதுவே காரணம்.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. குழந்தை எடுத்துக்கொள்ளும் நீதி, பாடியவர் நினைத்த நீதியாக இல்லாமல் போகலாம்.

வடை யாருடையது?

பாட்டி சுட்ட வடையைக் காகம் திருட, நரி அதனிடமிருந்து ஏமாற்றிப் பறித்த கதை தமிழ்க் குழந்தைகள் எல்லாரும் அறிந்தது. இது ஈசாப் கதை மரபைச் சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பீட்ரஸ் என்பவர் இலத்தீன் செய்யுளில் இதைச் சொன்னபோது, காகம் ஒரு சன்னலிலிருந்து பாலாடைக்கட்டியைத் திருடியது. 1668இல் பிரெஞ்சுக் கவிஞர் லா போன்டேன் பாடியபோது அந்தத் திருட்டு மறைந்துவிட்டது. காகம் பாலாடைக்கட்டியுடன் மரத்தில் அமர்ந்திருப்பதில் அவர் பாட்டு தொடங்குகிறது. முகத்துதிக்கு மயங்காதே என்பது அவர் தந்த நீதி.

பிரான்சில் குழந்தைகள் மனப்பாடம் செய்த இந்தப் பாட்டை ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' நூலில் வரிவரியாக ஆராய்ந்தார். குழந்தைகள் காகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நரியை விரும்புகிறார்கள் என்றார் அவர். ஏமாறாதே என்று சொல்ல வந்த பாட்டு, இனிக்கப் பேசி ஏமாற்றினால் பாலாடைக்கட்டி கிடைக்கும் என்று கற்பித்துவிடுகிறது என்பது அவர் எழுப்பிய தடை. வெல்பவன் பக்கம் சேர விரும்புவது குழந்தையின் இயல்பு என்பதால் அந்தத் தடை இன்றும் வலுவாகவே நிற்கிறது.

தமிழ் வடிவம் இதற்குத் தன்னையறியாமலே ஒரு வழி வைத்திருக்கிறது. இங்கே திருட்டு மறையவில்லை. பொருளை இழந்தவருக்கு ஒரு முகமும் உண்டு. பாட்டி அடுப்பருகே உட்கார்ந்து வடை சுட்டு விற்கிறாள். ஆகவே குழந்தை காகம், நரி என்ற இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பாட்டியின் பக்கமும் நிற்கலாம். பிற்காலத்தில் பரவிய மற்றொரு முடிவில் காகம் வடையைக் காலடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது. நரி ஏமாந்து போகிறது. சமயோசித அறிவு என்ற நீதி இதில் கிடைக்கிறது. ஆனால் திருடிய காகமே கெட்டிக்காரனாகி விடுவதால் பாட்டியின் இழப்பு மறந்துபோகிறது.

கதைநேரத்தில் பாடும் முறை

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்கடிப் பாட்டாக நான்கைந்து போதும். முதல் முறை நடத்துபவர் தனியாகப் பாட வேண்டும். இரண்டாம் முறை காகத்தின் குரலையும் நரியின் பேச்சையும் மட்டும் குழந்தைகளிடம் விட வேண்டும். மூன்றாம் முறை எல்லாரும் சேர்ந்து பாடலாம். "இந்தப் பாட்டு பேராசை கூடாது என்று சொல்கிறது" என முதலிலேயே அறிவித்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். பிறகு குழந்தைகள் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பாடி முடித்ததும் நீதியைக் கேட்பதாலும் பயன் குறைவு. "நீதி என்ன?" என்றால் பள்ளியில் பழகிய விடையே வரும். "நீங்கள் யாராக நடிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், பாட்டு உண்மையில் எதைக் கற்பித்தது என்று தெரியும். பெரும்பாலான கைகள் நரிக்கு உயர்ந்தால், ரூசோ சொன்னது அங்கே நடந்திருக்கிறது. அப்போது அறிவுரை சொல்லத் தொடங்காமல், "வடை யாருடையது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். காகத்துடையது, நரியுடையது என்று குழந்தைகள் வாதிடும்போதே யாராவது ஒருவருக்குப் பாட்டியின் நினைவு வரும். அடுத்த முறை பாடும்போது பாட்டிக்கும் இரண்டு அடிகள் சேர்க்கச் சொன்னால், அந்த அடிகளைக் குழந்தைகளே கட்டிவிடுவார்கள்.