உணவின் ஆற்றல் அடர்த்தி

ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதே அந்த உணவின் ஆற்றல் அடர்த்தி. பேச்சு வழக்கில் கலோரி எனப்படுவது கிலோகலோரியையே குறிக்கும். வெள்ளரிக்காயின் ஆற்றல் அடர்த்தி ஏறத்தாழ 0.15, முட்டைக்கோசுக்கு 0.25; வெள்ளைச் சோற்றுக்கு 1.3, நிலக்கடலைக்கு 5.7. 75 கலோரி பெற 300 கிராம் பச்சை முட்டைக்கோசு வேண்டும். நிலக்கடலையில் அது 13 கிராமிலேயே கிடைத்துவிடும்.

காரணம்

ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரியும் தருகின்றன. நார்ச்சத்து தருவது இதைவிடக் குறைவு. தண்ணீரில் கலோரியே இல்லை. ஆனால் எடையும் கன அளவும் உண்டு. முட்டைக்கோசின் எடையில் 92 விழுக்காடு தண்ணீர் என்பதால்தான் அதன் அடர்த்தி இவ்வளவு குறைவு. தண்ணீர் வற்றினால் அடர்த்தி கூடும்: திராட்சைப் பழத்துக்கு 0.7, உலர் திராட்சைக்கு 3.

வயிறு நிறைவது எப்படி

உணவால் இரைப்பை விரியும்போது, அதன் சுவரிலுள்ள உணர்விகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. இந்தச் செய்தி உணவின் கன அளவைப் பொறுத்தது, கலோரியை அல்ல. சத்துகள் சிறுகுடலை அடைந்த பிறகு சுரக்கும் ஹார்மோன்கள் நிறைவுணர்வை நீட்டிக்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களுக்கு மதிய உணவுக்கு முன் கோழியும் சோறும் சேர்ந்த ஓர் உணவு தரப்பட்டது. ஒரு நாள் அது தனியாகவும், ஒரு நாள் ஒரு குவளைத் தண்ணீருடனும், இன்னொரு நாள் அதே அளவு தண்ணீர் சேர்த்துச் சூப்பாகவும் வந்தது. மூன்றிலும் கலோரி ஒன்றே. சூப் குடித்த நாளில் அவர்கள் மதிய உணவில் ஏறத்தாழ 100 கலோரி குறைவாக உண்டார்கள். தனியே குடித்த தண்ணீருக்கு அந்த விளைவு இல்லை.

சமையலில் மாற்றம்

300 கிராம் முட்டைக்கோசைப் பொரியலாக்கும்போது, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரியையும், 30 கிராம் தேங்காய்த் துருவல் சுமார் 105 கலோரியையும் சேர்க்கின்றன. காயின் 75 கலோரியோடு மொத்தம் 300 ஆகிறது. வதக்கும்போது தண்ணீர் ஆவியாகாவிட்டாலும் அடர்த்தி 0.25இலிருந்து 0.9 அளவுக்கு உயரும். ஆவியானால் இன்னும் கூடும். எண்ணெயைப் பாதியாக்கினால் 60 கலோரி குறையும். தட்டிலுள்ள அளவு அவ்வளவாக மாறாது.

வரம்புகள்

இனிப்புக் குளிர்பானத்தின் அடர்த்தி சுமார் 0.4தான், ஆனால் திரவம் இரைப்பையை விட்டு விரைவில் வெளியேறுவதால் அது பசியை அதிகம் அடக்குவதில்லை. நிலக்கடலையோ அடர்த்தி மிகுந்திருந்தும், புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் ஓரளவு பசி தாங்கும். சிறிய இரைப்பை கொண்ட குழந்தைகளுக்குக் குறைந்த அடர்த்தி பாதகமாகிறது: நீர்த்த கஞ்சி அவர்களின் வயிற்றை நிரப்பிவிடும், வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலைத் தராது. அதனால் இணை உணவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.