வாசற்படியில் ஒரு சம்மதம்: ஆய்வு விண்ணப்பம் ஒன்றுக்கு உரை

மனிதர்களிடம் கேள்வி கேட்டுத் தகவல் திரட்டும் எந்த ஆய்வும், களத்தில் இறங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். முதலில் கணக்கெடுப்பை முடித்துவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி கிடையாது. கீழே உள்ள மூலம் ஒரு மாதிரி விண்ணப்பம். மாணவர்களின் வரைவுகளில் அடிக்கடி தட்டுப்படும் வரிகளைச் சேர்த்து நானே எழுதியது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் இருக்கும் வன்னியம்பட்டியைக் களமாக வைத்துக்கொண்டேன். சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பதாக ஒரு கற்பனை.

மூலம்: “நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும், 18 வயது நிரம்பிய பெண்கள் 120 பேரிடம், தூக்கம் பற்றி 30 நிமிட நேர்காணல் நடத்தப்படும்.”

இந்த வரியில் கனமான சொல் ‘18 வயது நிரம்பிய’ என்பது. அதைவிடக் குறைந்த வயதுள்ளவர் ஒருவர் சேர்ந்தாலும் பெற்றோரின் சம்மதமும் அந்தப் பெண்ணின் இசைவும் தனித்தனியே வேண்டியிருக்கும், விண்ணப்பமே வேறாகிவிடும். வயதை எப்படி உறுதி செய்வீர்கள் என்று குழு கேட்கும். ஆதார் அட்டையை வாங்கிப் பார்ப்போம் என்று எழுதிவிடாதீர்கள். தேவையில்லாத ஓர் அடையாளம் உங்கள் கைக்கு வந்துவிடும். வாய்மொழியாகக் கேட்டு, சந்தேகமிருந்தால் நேர்காணலைத் தொடங்காமல் விட்டுவிடுவோம் என்று எழுதினால் போதும்.

மூலம்: “பங்கேற்பாளர்கள் மில் நிர்வாகத்தின் உதவியுடன் தேர்ந்தெடுக்கப்படுவர்.”

விண்ணப்பம் முழுவதிலும் இதுதான் மோசமான வரி. எழுதியவர் வசதிக்காக எழுதியிருப்பார்: நிர்வாகத்திடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, உட்கார ஓர் அறை கிடைக்கும், ஒரே நாளில் 20 பேரைப் பார்த்துவிடலாம். ஆனால் சூப்பர்வைசர் கூப்பிட்டு “அந்தப் பொண்ணுகிட்ட பதில் சொல்லிட்டுப் போ” என்றால், முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்ப்பவர்களையும் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் வரிசையில் வைப்பது இதனால்தான். அவர்கள் மறுக்கத் தெரியாதவர்கள் அல்லர். மறுத்தால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரிந்தவர்கள்.

இது வெறும் நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடந்த கதை. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் செயல்திட்டம் ஒன்று நடந்தது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் பெற்றோர் அல்லர். விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும்தான். 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கிறது என்பதற்காக, அவர்களுக்காகச் சம்மதிக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. மில் விடுதி வார்டனுக்கும் இதே கணக்குதான்.

ஆகவே வரியை இப்படி மாற்றுவேன்: “தெருக்களில் வீட்டு வரிசைப்படி மூன்று வீட்டுக்கு ஒரு வீடாகச் சென்று, தகுதியுள்ளவர்களை அவர்கள் வீட்டிலேயே சந்திப்போம். யார் பங்கேற்றார், யார் மறுத்தார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்படாது.” ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை. அதையும் எழுதுங்கள், ஆனால் ‘தகவல் தெரிவிப்போம்’ என்று எழுதுங்கள். ‘அனுமதி பெறுவோம்’ என்று எழுதினால், அவர் தலையாட்டிவிட்டார் என்பதே ஊர் முழுவதும் சம்மதித்ததாக ஆகிவிடும்.

மூலம்: “தன்னார்வப் பங்கேற்பின் அடிப்படையில், தகவலறிந்த ஒப்புதல் எழுத்துபூர்வமாகப் பெறப்படும்.”

குழுவுக்கு இந்த நடை பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், இதே நடைதான் வாசற்படியில் படித்துக்காட்டும் தாளிலும் இருக்கும். ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்பதைக் கேட்டு ராத்திரி ஷிப்ட் முடித்துவந்த பெண் என்ன புரிந்துகொள்வார்? தாளில் இருக்க வேண்டியது இந்த மாதிரி: “அக்கா, நான் காலேஜ்ல படிக்கிறேன். மில்லு ஆளு இல்ல. உங்க தூக்கத்தப் பத்தி அரை மணி நேரம் கேப்பேன். புடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிரலாம். நடுவுல நிப்பாட்டிக்கலாம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விடலாம். சொல்றதுனாலயோ சொல்லாததுனாலயோ உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது.” இதையும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும், எழுதியபடியே. களத்தில் வேறு தாளைப் படித்தால் ஒப்புதலுக்கே பொருளில்லை.

படித்து முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது. “புரிஞ்சுதுப்பா” என்றுதான் பதில் வரும். “நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்க வாய்ல சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும். “மில்லுல லீவு வாங்கித் தரப் போறீங்க” என்று பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்தத் தவறான நம்பிக்கையோடு வாங்கும் கையெழுத்து செல்லாது என்றே நான் கொள்வேன்.

‘எழுத்துபூர்வமாக’ என்ற சொல்லில் இன்னொரு முடிச்சு. பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த கதை தெரியாத குடும்பம் நம் கிராமங்களில் குறைவு. அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசத் தயாராக இருப்பவர், கையெழுத்து என்றதும் கதவைச் சாத்துவார். மேலே சொன்ன 2017 நெறிமுறைகளில் இதற்கு வழி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரானால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டு. கையெழுத்திடவே விருப்பமில்லை என்றால், குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கும்பட்சத்தில், சாட்சியின் முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம். ஆகவே விண்ணப்பத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயரும் கையெழுத்தும் உள்ள அந்தத் தாள், இந்த ஆய்வில் அவர் பங்கேற்றார் என்பதற்குச் சாட்சியாகக் காலகாலத்துக்கும் இருக்கும். சாட்சியாக யார் நிற்கலாம் என்பதையும் எழுதுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் அதே மில்லில் சூப்பர்வைசராக இருந்துவிடக் கூடாது.

மூலம்: “இந்த ஆய்வில் ஆபத்து எதுவும் இல்லை.”

ஊசி இல்லை, மருந்து இல்லை என்ற நிம்மதியில் எழுதுவது. கேள்வித்தாளைத் திறந்து பார்த்தால், ‘வேலை நேரத்தில் கண் அயர்ந்ததுண்டா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ஆம் என்ற பதில் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் வேலை போகலாம். ‘பகலில் தூங்கவிடாமல் செய்வது எது?’ என்பதற்கு வரும் பதிலை மாமியார் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். எனவே எழுத வேண்டியது: “சில கேள்விகள் சங்கடம் தரலாம். தனியாகப் பேச இடமில்லையென்றால் வேறொரு நேரம் வருவோம்.” யாராவது அருகில் வந்து உட்கார்ந்தால் தாவிப் பேச, சமையல், தண்ணீர் என்று சாதாரணக் கேள்விகள் நாலைந்தைக் கையில் வைத்திருப்பது கள ஆய்வாளர்களின் பழைய உத்தி. நெறிமுறைக் குழுவுக்கு இது பிடிக்கும்.

மூலம்: “அரை மணி நேரத்துக்கு ஈடாகச் சிறு தொகை வழங்கப்படும்.”

எவ்வளவு என்று எழுதுங்கள். நடுவில் நிறுத்தினாலும் முழுத் தொகை உண்டு என்றும் எழுதுங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

மூலம்: “பெயர்கள் நீக்கப்பட்டு, தரவுகள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்.”

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்பது பெரிய ஊருக்கே பொருந்தாத நம்பிக்கை. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவக் குறிப்புகளில், பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அந்த மாநில ஆளுநரின் குறிப்பையே லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் கண்டெடுத்துக் காட்டினார்.

வன்னியம்பட்டிக்கு வருவோம். நம் அட்டவணையில் தெரு (4), ஐந்தைந்து ஆண்டாக வயது (6 பிரிவு), மில்லில் செய்யும் வேலை (3), திருமண நிலை (3) என்று நான்கு நிரல்கள் இருப்பதாக வையுங்கள். பெருக்கினால் 216 கட்டங்கள். ஆட்களோ 120. சராசரியாகக் கட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. ‘கீழத்தெரு, 40–44, சைடர், கணவரை இழந்தவர்’ என்றால் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை, ஆளைச் சொல்லிவிடுவார்கள். தெருவை எடுத்துவிடுங்கள். வயதை இரண்டு பிரிவாக்குங்கள், வேலையை இரண்டாக்குங்கள். திருமண நிலை மூன்றாகவே இருக்கட்டும். 12 கட்டங்கள், சராசரி பத்துப் பேர். அப்படியும் ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள கட்டத்தைப் பிரசுரிக்காமல் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். இந்தக் கணக்கை விண்ணப்பத்திலேயே போட்டுக் காட்டினால், ‘ரகசியமாக’ என்ற ஒரு சொல்லுக்கு அப்போதுதான் உடல் கிடைக்கும்.

‘பாதுகாக்கப்படும்’ என்பது செயப்பாட்டு வினை. யார் பாதுகாப்பார் என்று அதில் இல்லை. கேள்வித்தாளில் எண் மட்டும், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு ஒரு கோப்பில், கடவுச்சொல் ஆய்வாளரிடமும் வழிகாட்டியிடமும் மட்டும், பட்டியல் அழிக்கப்படும் தேதி இன்னது என்று ஆட்களையும் நாட்களையும் குறிப்பிட வேண்டும். களத்தில் கசிவது பெரும்பாலும் இந்தக் கோப்பிலிருந்து அல்ல. நிரப்பிய தாளைப் போனில் படமெடுத்து, “சார், இந்தப் பதிலை எதுல சேக்குறது?” என்று வாட்ஸாப் குழுவில் கேட்பார்களே, அங்கிருந்துதான்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு ஒரு விலக்கு அளிக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு: குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளின்படியே கையாள வேண்டும். இன்னாருக்குத் தூக்கம் சரியில்லை, ஷிப்ட் மாற்று என்று நல்லெண்ணத்தோடு நிர்வாகத்துக்குச் சொன்னால்கூட அந்த விலக்குப் போய்விடும்.

மூலம்: “பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.”

மேலே உள்ள வரியோடு இது மோதுகிறது. பெயர்ப் பட்டியலை அழித்த பிறகு ஒருவர் வந்து “என் பதிலை எடுத்திருங்க” என்றால், எது அவர் பதில் என்று நமக்கே தெரியாது. அடையாளத்தை முழுதாக அழிப்பதும் எப்போதும் விலகலாம் என்பதும் ஒன்றாக நிற்க முடியாது. “நேர்காணலின்போது எந்த நிமிடமும், அதன் பின் 30 நாட்களுக்குள். அதற்குப் பிறகு பட்டியலை அழித்துவிடுவோம், எடுக்க இயலாது” என்று மாற்றுங்கள். அதே சொற்கள் வாசற்படித் தாளிலும் வர வேண்டும்.

விலக விரும்புகிறவர் யாரை அழைப்பது? ஆய்வாளரின் எண் மட்டும் போதாது. அவர் மீதே குறை இருக்கலாம். நெறிமுறைக் குழுச் செயலரின் எண்ணும் வேண்டும். தகவல் தாளின் நகல் ஒன்றைப் பங்கேற்பாளரிடம் கொடுப்போம் என்று எல்லா விண்ணப்பங்களிலும் ஒரு வரி இருக்கிறது. தலைப்பில் ‘இரவு ஷிப்ட்’, ‘மில்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும் அந்தத் தாள், தொலைக்காட்சிப் பெட்டி மேல் கிடந்தால் வீட்டுக்கு வரும் எவர் கண்ணிலும் படும். வேண்டும் என்பவருக்குத் தாளைக் கொடுக்கலாம். வேண்டாம் என்பவருக்கு இரண்டு எண்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில், தலைப்பில்லாமல் எழுதிக் கொடுக்கலாம்.