உங்கள் மொட்டைமாடியில் விழும் வெயில், வீட்டுச் செலவைவிட 62 மடங்கு! கைக்கு வருவது எவ்வளவு?

மாதம் 200 யூனிட் கரன்ட் செலவாகும் வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு 2,400 யூனிட் தேவை. சோலார் போட நினைக்கிறீர்களா? பெங்களூருவில் 800 சதுர அடி மொட்டைமாடி உள்ள ஒரு தனி வீட்டை வைத்துக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

வெயில் எவ்வளவு விழுகிறது?

பெங்களூருவில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஆண்டுக்கு சுமார் 2,000 யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது. மேகமூட்டமான நாட்களும் இதில் அடக்கம். 800 சதுர அடி என்பது ஏறக்குறைய 75 சதுர மீட்டர். அப்படியென்றால் மொத்தம் 1,50,000 யூனிட். வீட்டுச் செலவைப்போல 62 மடங்கு!

ஆனால் அத்தனையும் கரன்ட்டாக மாறாது.

எங்கே குறைகிறது?

முதலில் இடம். தண்ணீர் தொட்டி, மாடிப்படி அறை, அவற்றின் நிழல், துணி காயப்போடும் இடம், பேனல்களுக்கு நடுவே நடக்க வழி எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25 சதுர மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் விழுவது 50,000 யூனிட்.

அடுத்து பேனலின் திறன். 20 சதவீதத் திறனுள்ள பேனல், விழும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். இப்போது கையில் 10,000 யூனிட்.

மூன்றாவது சூடு. பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில்தான் அளக்கிறார்கள். வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால், உற்பத்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். தூசி, வயர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து கால் பங்கு கழித்தால் மிஞ்சுவது 7,500 யூனிட்.

62 மடங்கு 3 மடங்காகிவிட்டது. ஆனாலும் வீட்டுத் தேவைக்கு இது தாராளம்.

அப்போ எத்தனை கிலோவாட் போடலாம்?

அந்த 25 சதுர மீட்டரில் 5 கிலோவாட் பேனல் வைக்கலாம். அதாவது ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,500 யூனிட். உங்களுக்குத் தேவை 2,400 யூனிட்தான் என்பதால் 2 கிலோவாட் போதும். அதற்கு 10 சதுர மீட்டர் இடம் இருந்தால் சரி. பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் அதிகபட்சம் 78,000 ரூபாய்தான்.

கம்பெனிக்காரர் 5 கிலோவாட் போடச் சொன்னால், உபரி கரன்ட்டை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். பல மாநிலங்களில் அது நீங்கள் கட்டும் கட்டணத்தைவிடக் குறைவு. ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 2,000 யூனிட் வரும் என்று சொன்னால், சூடு, தூசி இழப்புகளைக் கழிக்காமல் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்களா? இதே அளவு மாடியை 8 வீடுகள் பங்கு போட்டால், ஒரு வீட்டுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 940 யூனிட்கூட இல்லை. ஐந்து மாதச் செலவுக்குக்கூட அது போதாது.