சிவந்த கண்: மெட்ராஸ் ஐயும் அன்றைக்கே பார்க்க வேண்டியவையும்

கண் சிவந்தால் தமிழ்நாட்டில் முதலில் சொல்லப்படும் பெயர் மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். விழி வெண்படல அழற்சி எனப்படும் இந்த நோய் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். ஆனால் கருவிழிப் புண், திடீர்க் கண் அழுத்த நோய், கண்ணின் உட்பகுதி அழற்சி ஆகியவற்றிலும் கண் சிவக்கும். இவற்றில் சிவப்போடு வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் கண்ணுக்கென்று மருத்துவமனை தொடங்கியது 1819இல். இன்று எழும்பூரில் இருப்பது அதுவே. 1918ஐ ஒட்டி அந்நகரில் பரவிய கண் நோயிலிருந்தே மெட்ராஸ் ஐ என்ற பெயர் வந்ததாகக் கூறுவது வழக்கம். நகரங்களையும் நிகழ்ச்சிகளையும் பெயராகச் சூட்டிக்கொள்ளும் பழக்கம் இந்த நோய்க்கு வேறு இடங்களிலும் உண்டு. 1969இல் கானாவின் அக்ரா நகரில், வெண்விழியில் ரத்தம் கசிந்து கண் முழுதும் சிவக்கும் புதுவகை ஒன்று ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. மனிதர் நிலவில் இறங்கிய சமயம் அது என்பதால் மக்கள் அதை அப்பல்லோ நோய் என்றார்கள். அடுத்த ஆண்டே அதைத் தந்த வைரஸின் உறவான இன்னொரு வைரஸ் சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. 1971இல் வங்காளதேசப் போரின்போது அகதிகள் கல்கத்தாவுக்குள் வந்த நாட்களில் அங்கும் கண் நோய் பரவ, போராளிகளின் முழக்கமான ‘ஜெய் பங்களா’வே அதற்குப் பெயரானது. தமிழ்நாட்டில் 2022 இறுதியிலும் மறு ஆண்டிலும் மெட்ராஸ் ஐ பரவியது.

இந்த எளிய வகையின் போக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் ஒரு கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், நீர் வடியும். காலையில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்கும் தாவும்; வீட்டில் வேறு ஒருவருக்கோ பள்ளியில் பக்கத்துப் பிள்ளைக்கோ ஏற்கெனவே இருந்திருக்கும். பார்வை சற்றுக் கலங்கினாலும் கண்ணைக் கழுவினால், நாலைந்து முறை இமைத்தால், தெளிந்துவிடும். கலக்கத்துக்குக் காரணம் மேலே படியும் பீளை, அவ்வளவே. குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் தனித் துண்டும் அடிக்கடி கை கழுவுவதும் போதும். வைரஸால் வரும் இதற்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தால் பயனில்லை. அதை எழுதித் தருவது சில நேரம் நோயாளியின் மனநிறைவுக்குத்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. சில வைரஸ்களில் ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் சிறு வெண்புள்ளிகள் தோன்றிப் பார்வை மங்கும். அப்படி மங்கியவர்களும் மருத்துவரிடம் போக வேண்டியவர்களே.

வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். கண்ணைக் கழுவித் துடைத்த பின், நல்ல கண்ணை மூடிக்கொண்டு சிவந்த கண்ணால் மட்டும் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படிக்க வேண்டும். கண்ணாடி அணிபவர் அணிந்தே பார்க்கலாம். நேற்று வரை தெரிந்த எண்கள் இன்று தெரியவில்லையென்றால் அது பீளையால் வந்ததல்ல. அடுத்தது வெளிச்சம். ஜன்னல் பக்கம் திரும்பினாலே கண் வலித்து இறுக மூடிக்கொண்டால் கோளாறு வெண்படலத்தைத் தாண்டிவிட்டது. சிவப்பின் இடமும் குறிப்பு தரும். எளிய வகையில் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம்தான் மிகச் சிவந்திருக்கும். ஆபத்தான வகைகளில் கருவிழியைச் சுற்றி வளையம்போல் சிவப்பு அடர்ந்திருக்கும்.

இவற்றில் தமிழ்நாட்டு வயற்காட்டுக்கு நெருக்கமானது கருவிழிப் புண். மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கண் மருத்துவமனைக்கு இந்தப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்பு கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைக்கு இத்தனை பங்கு என்பது குளிர்நாட்டுப் பாடநூல்கள் அதிகம் பேசாத செய்தி.

கதை வழக்கமாக இப்படிப் போகும். கதிரடிக்கும்போது நெல் ஒன்று தெறித்துக் கருவிழியில் கீறுகிறது. உறுத்தலுக்கு யாரோ தாய்ப்பாலோ நந்தியாவட்டைப் பூச்சாறோ விடச் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் கண் சிவக்க, மருந்துக்கடையில் மெட்ராஸ் ஐ என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கிடைக்கிறது. ஓரிரு நாள் சிவப்பும் வலியும் குறைகின்றன. உடலின் எதிர்ப்பு அடங்கியதால் வந்த நிம்மதி அது. அந்த இடைவெளியில் பூஞ்சை கருவிழிக்குள் ஆழமாக இறங்குகிறது. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தால் கருவிழியில் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி, ஓரங்கள் இறகுபோல் பிசிறு பிசிறாக. மருத்துவர் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகளைக் கண்டால், நடாமைசின் சொட்டு மருந்தை முதலில் மணிக்கு ஒருமுறை விடச் சொல்வார். ஆற வாரக்கணக்காகும், ஆறினாலும் தழும்பு நின்றுவிடலாம். கருவிழி ஓட்டையானால் தானக் கண் தேவைப்படலாம்.

தாமதத்தின் விலையை நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. அதன் முடிவு 2001இல் வெளியானது. கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்ட 442 பேருக்கு அடிபட்ட 48 மணி நேரத்துக்குள் ஊர்ப் பணியாளர்களே குளோராம்பெனிகால் களிம்பு போட்டார்கள். 100க்கு 96 பேருக்குப் புண் வராமலே ஆறியது. 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய ஒருவருக்கும் புண் ஆகவில்லை; புண் வந்தவர்கள் அதற்குப் பின் வந்தவர்களே.

அடிபடாமலே வரும் அவசரம் திடீர்க் கண் அழுத்த நோய். நடு வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம். கண்ணுள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் அடைபட, பாதரச அளவில் 10 முதல் 21 மி.மீ. வரை இருக்க வேண்டிய அழுத்தம் 50ஐத் தாண்டலாம். ஒரு கண்ணில் குடைச்சல், அதே பக்கத் தலைவலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி. வாந்தி முந்திக்கொண்டால் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ இஞ்சிச் சாற்றோடு ஓர் இரவு கழிந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கண்ணின் பாப்பா பாதி விரிந்தபடி சுருங்காமல் நிற்கும், கருவிழி பனி படிந்தாற்போல் மங்கியிருக்கும். பார்வை நரம்பு சில மணி நேரத்திலேயே பாதிக்கப்படத் தொடங்கும் என்பதால், மருந்தால் அழுத்தத்தை இறக்கிய பின் லேசரால் கருந்திரையில் சிறு துளையிடுவார்கள். மறு கண்ணுக்கும் முன்கூட்டியே அதைச் செய்வது வழக்கம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கு வலியோடு கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு அன்றைக்கே போக வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்ட சில நாட்களில் வலி கூடிப் பார்வை குறைந்தால், குறித்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் தொற்று இறங்கியிருக்கலாம். சுண்ணாம்பு தெறித்த கண்ணுக்கு மட்டும் வரிசை மாறும். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அங்கேயே, கிடைக்கும் நல்ல தண்ணீரைக் குறைந்தது அரை மணி நேரம் ஊற்றிக் கழுவ வேண்டும். இமையைத் திருப்பி உள்ளே ஒட்டியுள்ள துணுக்குகளையும் அலசி எடுத்தாக வேண்டும், ஏனெனில் ஒரு துணுக்கு தங்கினாலும் அது கண்ணைத் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும்.