முயல் எழுந்த கதை: பார்க்கின்சன் நோயில் கை ஏன் நடுங்குது?

1/ "சும்மா உட்கார்ந்திருக்கும்போது அப்பாவுக்கு கை ஆடுது, உடம்பு கட்டை மாதிரி இறுகிடுது." பார்க்கின்சன் நோய்க்கு இப்படித்தான் வருவாங்க. இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க 140 வருஷத்துக்கு மேல ஆச்சு. திருப்பம் தந்தது ஒரு முயல். அந்த முயலுக்குக் கொடுத்த மருந்தோட மூலம் நம்ம ஊர் வேர்.

2/ 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பற்றி எழுதினார். அதில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. நோயை அருமையா விவரித்தார், ஆனா கோளாறு கழுத்துப் பக்க தண்டுவடத்தில் இருக்கும்னு நினைத்தார்.

3/ 1919-ல் பாரிஸில் ட்ரெட்டியகாஃப், இந்த நோயாளிகளின் மூளையை வெட்டிப் பார்த்தார். நடுமூளையில் கருப்பா ஒரு பட்டை உண்டு, பேர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அது வெளுத்துப் போய், செல்கள் அழிந்திருந்தன. இடம் தெரிந்தது. ஆனா அந்த செல்கள் என்ன வேலை செய்தன? யாருக்கும் தெரியல.

4/ இப்போ நம்ம ஊர். சர்ப்பகந்தா வேரை ரத்த அழுத்தத்துக்குத் தரலாம்னு 1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தாங்க. அதை சாப்பிட்ட சிலருக்கு கை நடுக்கம், இறுக்கம் வந்தது. அச்சு அசல் பார்க்கின்சன் மாதிரியே!

5/ 1957, ஸ்வீடன். ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் போட்டார். காது தொங்கி, அசையாம படுத்துடுச்சு. பிறகு டோபா ஊசி போட்டார். உடம்பு டோபாவை டோபமைனா மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் முயல் எழுந்து நடமாடியது. செரடோனின் தயாரிக்க உதவும் பொருளைக் கொடுத்தபோது எழவில்லை. ஆக, குறைந்தது டோபமைன்.

6/ இங்க ஒரு விஷயம் கவனிங்க. முயலின் செல்கள் சாகல. டோபமைனைச் சேமிக்கும் பைகளை ரிசர்பின் காலி பண்ணிடுச்சு, அவ்வளவுதான். கடை இருக்கு, சரக்கு இல்ல. பார்க்கின்சனில் கடையே ஒவ்வொண்ணா மூடுது.

7/ 1960, வியன்னா. எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் இறந்தவர்களின் மூளையில் டோபமைனை அளந்தாங்க. ரசாயனம் சேர்த்தா நல்ல மூளைச் சாறு இளஞ்சிவப்பாகும். பார்க்கின்சன் நோயாளிகளின் சாறில் நிறமே வரல. ஆனா அந்தச் சாறு நடுமூளையிலிருந்து எடுத்ததல்ல. அதற்கு மேல, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரயேட்டம் பகுதியிலிருந்து எடுத்தது.

8/ அது எப்படி? நைக்ரா செல்களுக்கு நீளமான வால் உண்டு. வேர் நடுமூளையில், நுனி ஸ்ட்ரயேட்டத்தில். டோபமைன் கொட்டுவது அந்த நுனியில். ஸ்ட்ரயேட்டத்தில் "போ" பாதை, "நில்" பாதைனு இரண்டு உண்டு. டோபமைன் முதலாவதைத் தூண்டும், இரண்டாவதை அடக்கும். அது குறைஞ்சா "நில்" கை ஓங்குது. அதான் நடை மெதுவாகுது, எழுத்து சின்னதாகுது.

9/ இறுக்கம் ஏன்? முழங்கையை மடக்கும்போது முன்பக்கத் தசை சுருங்கணும், பின்பக்கத் தசை விட்டுக்கொடுக்கணும். இந்த நோயில் அது விட்டுக்கொடுக்காது. நாங்க கையை மடக்கிப் பார்த்தா பல்சக்கரம் மாதிரி விட்டு விட்டு நகரும்.

10/ நடுக்கம்? அசைவைக் கட்டுப்படுத்தும் செல்கள் தனித்தனியா வேலை செய்யாம ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பிக்குது. நொடிக்கு 4 முதல் 6 தடவை கை ஆடும். கை ஓய்வில் இருக்கும்போது ஆடும், டம்ளரை எடுக்கப் போனா குறையும். டம்ளரைப் பிடித்தால்தான் நடுங்குதுன்னா பெரும்பாலும் அது வேற நோய். நடுக்கத்துக்கு டோபமைன் மட்டும் காரணமில்ல, சிறுமூளை வழித்தடமும் சேருது. அதான் மாத்திரையில் இறுக்கம் குறையும் அளவுக்கு எல்லாருக்கும் நடுக்கம் குறையறதில்ல.

11/ ஏன் இவ்வளவு தாமதமா தெரியுது? மிச்சமிருக்கும் செல்கள் கூடுதலா உழைத்து ஈடுகட்டும். ஸ்ட்ரயேட்டத்தில் டோபமைன் 70-80 சதவீதம் குறைஞ்ச பிறகுதான் வெளியே தெரியும். பல வருஷம் சத்தமில்லாம நடக்கும் இழப்பு இது.

12/ 1961-ல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டதும், படுத்த படுக்கையா இருந்தவங்க எழுந்து நடந்தாங்க, கொஞ்ச நேரத்துக்கு. டோபமைனையே தந்தா என்ன? அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழையும். இன்னைக்கு அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையும் அதுதான். அது சரக்கைத் தரும், மூடின கடையைத் திறக்காது.

13/ கடைசியா, முயல் சொல்லும் பாடம். வீட்டுப் பெரியவருக்கு புதுசா நடுக்கம், இறுக்கம் வந்தா, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பையோடு டாக்டரிடம் காட்டுங்க. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், சில மனநல மருந்துகள் டோபமைனின் வேலையைத் தடுக்கும். செல் உயிரோடதான் இருக்கும், அதனால மருந்தை மாற்றினா பலருக்கு சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிடும். நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.