பள்ளித் தெரிவும் கற்றல் விளைவும்: கிழக்கு லண்டன் எழுப்பிய கேள்வி, ஆந்திரம் தந்த விடை

1931 அக்டோபர் 20ஆம் நாள் லண்டன் சாத்தம் இல்லத்தில் காந்தி ஆற்றிய உரை, இந்தியக் கல்வி வரலாற்றில் இன்றும் முடியாத ஒரு வழக்கைத் தொடங்கிவைத்தது. ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்றும், ஊர்ப் பள்ளிகள் என்னும் அழகிய மரத்தை ஆங்கில ஆட்சி வேரோடு சாய்த்துவிட்டது என்றும் அவர் சொன்னார். கல்வியாளர் பிலிப் ஹார்டாக் அதை மறுத்து ஆதாரம் கேட்டார். பின்னாளில் தரம்பால், ஆவணக் காப்பகங்களில் கிடைத்த ஏடுகளைத் திரட்டி, அந்த மரத்தின் பெயரிலேயே 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். சென்னை மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றித் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு அதன் முதன்மைச் சான்று. அதே பெயரில் 2009இல் ஜேம்ஸ் டூலி எழுதிய நூலோ வேறொரு முடிவுக்குப் போயிற்று. ஹைதராபாத் பழைய நகரத்துச் சந்துகளில் ஏழைகள் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் சிறு தனியார் பள்ளிகளே அந்த மரத்தின் புதுத் தளிர்கள். அரசு விலகி நின்றால் போதும், பெற்றோரின் தெரிவு நல்ல கல்வியைத் தானே கொண்டுவரும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்கு டூலி நாடும் முன்னுதாரணம் இங்கிலாந்துதான். இ. ஜி. வெஸ்ட் 1965இல் வெளியிட்ட ‘கல்வியும் அரசும்’ என்ற நூல், 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு முன்பே ஆங்கிலத் தொழிலாளர் குடும்பங்கள் தம் செலவில் பிள்ளைகளைப் படிக்கவைத்தன என்று காட்டியது. ஆகவே அத்தகைய குடும்பங்கள் வாழ்ந்த கிழக்கு லண்டனில் உண்மையில் நடந்தது என்ன என்பது தமிழ் வாசகருக்கு அயலான செய்தி அன்று. மதுரையிலும் சென்னையிலும் இன்று நடக்கும் விவாதத்தின் ஒரு கால் அங்கேதான் ஊன்றியிருக்கிறது.

நியூகாசில் ஆணையம் 1861இல் தந்த அறிக்கையின்படி, இங்கிலாந்து, வேல்ஸ் ஏழைக் குடும்பங்களிலிருந்து பள்ளிக்குச் சென்ற குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தனியார் பள்ளிகளில் இருந்தார்கள். ஐந்தே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் இவர்கள். பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறைதான் பள்ளி. ஒரு பெண்மணியோ, உடல் நலிந்து வேறு வேலை செய்ய முடியாத ஒருவரோதான் ஆசிரியர். லண்டனை ஆராய்ந்த உதவி ஆணையர் ஹாட்ஜ்சன் இந்த ஆசிரியர்களை ஏளனமாகவே எழுதினார். வேலையிழந்த வீட்டுப் பணியாளர்கள், மிட்டாய் விற்பவர்கள், சிறு உணவுக்கடை நடத்துபவர்கள் எல்லாரும் ஆசிரியராகிவிட்டார்கள் என்பது அவர் குறை. அருகிலேயே தேவாலயச் சங்கங்கள் நடத்திய, அரசு மானியம் பெற்ற பள்ளிகள் இருந்தன. பல இடங்களில் அவற்றின் கட்டணம் குறைவு. இருந்தும் பெற்றோர் கூடுதல் காசு கொடுத்து முன்னறைப் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பினார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஃபில் கார்ட்னர் 1984இல் வெளியிட்ட ஆய்வு மிகுந்த பரிவோடு விசாரிக்கிறது. முன்னறைப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை ஒருநாள் வீட்டில் நின்றுவிட்டால் யாரும் கண்டிக்கவில்லை. கட்டணத்தை வாராவாரம், பிள்ளை வந்த வாரத்துக்கு மட்டும் கட்டினால் போதும். தலைமுடியை வெட்டிவா, உடையை மாற்றிவா என்ற அதிகாரமும் மதபோதனையும் அங்கே இல்லை. ஆசிரியை அதே தெருக்காரி. பேச்சும் பழக்கமும் ஒன்றே. பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று பெற்றோர் நினைத்தார்கள், அதை அவர் சீக்கிரம் கற்றுக்கொடுப்பார் என்றும் நம்பினார்கள். ஹாட்ஜ்சன் அறியாமை என்று கண்டதைக் கார்ட்னர் ஒரு தீர்மானமாகக் காண்கிறார். இதில் நான் கார்ட்னர் பக்கம். அந்தத் தாய்மார் ஏமாந்துபோனவர்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

ஆனால் மேலே உள்ள காரணங்களை மறுபடி பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் பெரும்பாலானவை வாழ்க்கை வசதியையும் சுயமரியாதையையும் சார்ந்தவை. கற்றல் அவற்றுள் ஒன்றுதான். அதுவும் நம்பிக்கை அளவில் நின்றது. பெற்றோர் ஒரு பள்ளியைத் தெரிந்தெடுத்தார்கள் என்ற செய்தியிலிருந்து அந்தப் பள்ளியில் பிள்ளை அதிகம் கற்றது என்று முடிவு கட்டும்போது, வெஸ்ட் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். அந்தப் படியை நிரப்ப அன்றைய இங்கிலாந்தில் அளவீடு ஏதும் இல்லை. 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, மானியப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தையையும் ஆய்வாளர் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வரும். விளைவு, ஆய்வாளர் கையிலெடுக்கும் புத்தகத்தையே ஆண்டு முழுதும் மனப்பாடம் செய்வித்தார்கள். ஆய்வாளராக இருந்த மேத்யூ ஆர்னல்ட் இதை விடாமல் கண்டித்தார். தனியார் பள்ளிகளோ இந்தச் சோதனைக்கு வெளியே இருந்தன. ஒரு தரப்பின் மதிப்பெண்கள் பணத்துக்காகத் திரிந்தவை. மறுதரப்புக்கு மதிப்பெண்ணே இல்லை. இவற்றை வைத்து எது சிறந்தது என்று எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தீர்ப்பு வேறு வழியில் வந்தது. 1870 நவம்பரில் லண்டன் பள்ளி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து திரும்பிய ஜான் லாரன்ஸ்தான் அதன் முதல் தலைவர். மறு ஆண்டே வாரியம் கட்டாய வருகை விதிகளை இயற்றியது. வாரியத்தின் வருகை அலுவலர்கள் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். சார்ல்ஸ் பூத் பின்னர் லண்டன் வறுமை வரைபடத்தைத் தீட்டியதும் இவர்களுடைய குறிப்பேடுகளைக் கொண்டுதான். ‘திறனற்றது’ என்று முத்திரை விழுந்த பள்ளியில் பிள்ளை படித்தால் அது பள்ளி வருகையாகவே கருதப்படாமல் போகலாம். பெற்றோர் நீதிமன்றம் ஏற நேரலாம். வரிப்பணத்தில் கட்டிய வாரியப் பள்ளிகள் குறைந்த கட்டணத்தில் திறந்தன; 1891க்குப் பிறகு பெரும்பாலும் கட்டணமே இல்லை. முன்னறைப் பள்ளிகள் மறைந்தன. ஆகவே அவை கற்பித்தலில் தோற்று மறைந்தன என்று அரசுக் கல்வியின் ஆதரவாளர்களாலும் சொல்ல முடியாது. வென்றிருந்தன என்று வெஸ்ட்டும் டூலியும் சொல்வதற்கும் அதே தடைதான்.

விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று, அதுவும் வேறொரு நாட்டில். 2008இல் ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் தொடங்கிய பள்ளித் தெரிவுச் சோதனையைக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி, முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். அதன் அமைப்புதான் முக்கியம். 180 கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம், தனியார் பள்ளிக் கட்டணத்தை ஈடுகட்டும் வவுச்சருக்கு விண்ணப்பம் வாங்கினார்கள். பிறகு குலுக்கல் நடந்தது. முதல் குலுக்கல், எந்தக் கிராமங்களில் வவுச்சர் வழங்குவது என்று தீர்மானித்தது. அடுத்தது, அந்தக் கிராமங்களில் விண்ணப்பித்தவர்களுள் யாருக்கு என்று தீர்மானித்தது. வவுச்சர் பிள்ளைகளைப் பள்ளிகள் சோதித்துப் பொறுக்கியெடுக்க முடியாது. ஆகவே குலுக்கலில் வென்ற பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் இடையே அதிர்ஷ்டம் தவிர வேறு வேறுபாடு இல்லை. இருவர் வீட்டிலும் தனியார் பள்ளியை விரும்பிய பெற்றோர்தான் இருக்கிறார்கள். பெற்றோரின் ஆவலும் வீட்டுச் சூழலும் இரு பக்கத்திலும் சமமாகிவிடுவதால், மிஞ்சுவது பள்ளியின் பங்கு மட்டுமே. முதலில் விண்ணப்பிக்காத பெற்றோரைச் சேர்த்து ஒப்பிட்டிருந்தால் இந்தச் சமன் குலைந்திருக்கும்.

நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் வவுச்சர் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். சோதனைக்கு முன், சாதாரணமாக ஒப்பிட்டால் தனியார் பள்ளி மாணவர்கள் எல்லாவற்றிலும் வெகுவாக முன்னே இருந்தார்கள். அந்த இடைவெளி பெரும்பாலும் பள்ளியால் வந்ததன்று. அங்கே சேரும் பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதால் வந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அரசுப் பள்ளி ஆதரவாளர் மகிழலாம். ஆனால் இன்னும் இருக்கிறது. அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளி செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவிட்டன. ஆசிரியர் சம்பளம் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை, பயிற்சியும் குறைவு. ஆனால் அவர்கள் வேலைக்கு ஒழுங்காக வந்தார்கள். பள்ளி நேரமும் நீண்டது. கால அட்டவணையைப் பார்த்தால் மேலும் தெளிவாகும்: தெலுங்குக்கும் கணக்குக்கும் அரசுப் பள்ளியைவிடக் குறைந்த நேரமே ஒதுக்கி, மிச்ச நேரத்தை ஆங்கிலம், இந்தி போன்றவற்றுக்குக் கொடுத்திருந்தார்கள். குறைந்த நேரத்தில் அதே தெலுங்கு, அதே கணக்கு; கூடவே இந்தி. அப்படியானால் இந்தப் பள்ளிகளின் உற்பத்தித் திறன் அதிகம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தது நியாயமே. பயிற்றுமொழி பற்றி அவர்கள் தரும் குறிப்பு இன்னும் கவனிக்கத்தக்கது: தெலுங்கு வழித் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஆங்கில வழிக்கு மாறியவர்களைவிடப் பாடங்களில் நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு அறிகுறி உண்டு. இது குலுக்கலால் நேரடியாக நிறுவப்பட்டதன்று; ஆனாலும் மெட்ரிக் பள்ளிப் பலகையைப் பார்த்துப் பணம் கட்டும் நம் பெற்றோர் முன் வைக்கவேண்டிய செய்தி. ஆங்கில வழிதான் அவர்கள் முதலில் தேடுவது. பிள்ளையின் கணக்கை அதுவே பின்னிழுக்கக்கூடும்.

லண்டன் இன்று இதே சிக்கலை வேறு உருவில் தருகிறது. முன்னறைப் பள்ளிகள் இருந்த அதே கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ், 1997இல் இங்கிலாந்தின் கல்வித் தரவரிசையில் கடைசியில் கிடந்தது. பதினைந்து ஆண்டுக்குள் அதன் பிள்ளைகள் நாட்டின் சராசரியைத் தாண்டினார்கள், அரசுப் பள்ளிகளிலேயே. 2003இல் தொடங்கி 2011 வரை நடந்த ‘லண்டன் சவால்’ பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பலர் பெருமை தந்தார்கள். சைமன் பர்ஜஸ் 2014இல் வேறு விளக்கம் தந்தார்: லண்டன் மாணவர்களின் முன்னேற்றம் மற்ற இடங்களைவிட மேலாக இருப்பதைக் குடிவரவுக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே மிகுதியாக இருப்பதே ஏறக்குறைய முழுவதும் விளக்கிவிடுகிறது என்றார். தொடக்கப் பள்ளிகள் முன்பே மேம்பட்டதுதான் காரணம் என்று காட்டிய ஆய்வும் உண்டு. மூன்று விளக்கங்களையும் இன்றுவரை முழுமையாகப் பிரிக்க முடியவில்லை, ஏனெனில் லண்டனில் யாரும் குலுக்கல் நடத்தவில்லை. ஈஸ்ட்ஹாமில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை டியூஷனுக்குப் பணம் கட்டும் தமிழ்க் குடும்பத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? அந்தப் பிள்ளை வாங்கும் மதிப்பெண் அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது. அதில் பெற்றோர் வாங்கிய தனியார் கல்வி எவ்வளவு என்பதைப் பள்ளித் தரவரிசை சொல்லாது.

தமிழ்நாட்டுக்கு இந்த இக்கட்டு இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு, விண்ணப்பங்கள் மிகுந்த தனியார் பள்ளிகளில் குலுக்கல் நடக்கிறது. சேர்ந்தவர்களும் வாய்ப்பு இழந்தவர்களும் பெயரோடு விண்ணப்பத்தில் பதிந்திருக்கிறார்கள். இரு பட்டியலிலும் உள்ள பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் தேடிப் பிடித்து, பள்ளி நடத்தாத ஒரு குழுவைக் கொண்டு தமிழ் வாசிப்பையும் கணக்கையும் ஒரே தாளில் சோதிக்க வேண்டும். டியூஷன் போகிறார்களா, பயிற்றுமொழி எது என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும். வாய்ப்பு இழந்தவர்களில் பலர் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியிலேயே சேர்ந்திருப்பார்கள். அவர்களை விலக்கிவிடாமல், குலுக்கல் முடிவின்படியே இரு சாராரையும் ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாத வரை, தனியார் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையோ அரசுப் பள்ளியின் சேர்க்கை எண்ணிக்கையையோ காட்டி எவர் வாதிட்டாலும், அது நியூகாசில் ஆணையம் நின்ற இடத்திலேயே நிற்பதாகும்.